முகத்தை மறைத்தாலும் ஊர் கண்டுகொள்ளும்: சலூன்களின் ‘முன்–பின்’ படக்குறிப்பு

“பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டி, வெளியே வரவே கூச்சப்பட்ட பென்னாகரத்து அக்காவின் இன்றைய மாற்றம்! மூன்றே மணி நேரத்தில் அடர்த்தியான கூந்தல்! நாளை தங்கை திருமணத்தில் இவர்தான் ராணி!”

தர்மபுரி நகரில் பியூட்டி பார்லர் நடத்தும் ஒருவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இது நான் உருவாக்கிய எடுத்துக்காட்டு. ஆனால் இந்த அமைப்பில் எழுதப்படும் குறிப்புகளைத் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் யாரும் எளிதாகப் பார்க்கலாம். மேலே இரண்டு படங்கள். இடப்பக்கம் நெற்றியோரம் முடி குறைந்த தலை, வலப்பக்கம் வெட்டி அழகாக அமைத்த தலை. இரண்டிலும் முகத்தின் மேல் ஒரு பூ ஸ்டிக்கர். படம் எடுக்கும் முன் “அக்கா, போட்டோ எடுத்துப் போடட்டுமா?” என்று கேட்டார்கள். அவரும் தலையாட்டினார். பார்லர்காரர் தன் பங்குக்கு இரண்டு கடமைகளையும் செய்துவிட்டார்: முகத்தை மறைத்தார், சம்மதம் கேட்டார். அப்படியும் அன்று மாலைக்குள் அந்தப் பெண் யார் என்று அவருடைய ஊரில் பலருக்குத் தெரிந்துவிடும்.

காட்டிக்கொடுப்பது படக்குறிப்பு. பென்னாகரம் என்று மட்டும் சொன்னால் அது பல்லாயிரம் பேரில் ஒருவரைக் குறிக்கும். அண்மையில் குழந்தை பெற்றவர் என்றால் அந்த எண்ணிக்கை சில நூறாகச் சுருங்கும். நாளை தங்கைக்குத் திருமணம் என்பது சேர்ந்தவுடன் ஒரே ஒரு குடும்பம் மிஞ்சும். அந்தத் திருமணத்தின் ஃபிளெக்ஸ் பேனர் மண்டபத்து வாசலில் மணமகள் பெயரோடும் பெற்றோர் பெயரோடும் நின்றுகொண்டிருக்கும். பெரிய நகரத்தில் முகம் தெரியாதவர் பெரும்பாலும் யாரோ ஒருவர்தான். தாலுகா ஊரில் மாதம், ஊர், விசேஷம் மூன்றும் சேர்ந்தால் அதுவே விலாசம். நாளை வீட்டில் எல்லோரும் மண்டபத்தில் இருப்பார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அதை யாருக்கெல்லாம் தெரிவிக்கிறோம் என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

அந்தப் பெண் சம்மதித்தது எதற்கு என்று பார்க்க வேண்டும். தன் தலைமுடியின் படத்துக்கு அவர் சம்மதித்தார். பிரசவம், முடி உதிர்வு, கூச்சம், தங்கையின் திருமணம் ஆகிய நான்கும் முடி வெட்டும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னவை. நாற்காலியில் உட்கார்ந்தவர் மனம்விட்டுப் பேசுவது இந்தத் தொழிலின் இயல்பு. அந்தப் பேச்சைப் படத்தின் கீழ் எழுத யாரும் அனுமதி கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. படத்துக்கு ஒரு சம்மதம், குறிப்பின் சொற்களுக்கு இன்னொரு சம்மதம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் இந்தச் சிக்கல் தீரும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1994இல் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையைப் பற்றி விரிவாகப் பேசியது. சிறையில் இருந்த ஒருவரின் தன்வரலாற்றை ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளியிடலாமா என்பதிலிருந்து எழுந்த வழக்கு அது. தன்னுடைய குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. பொது ஆவணங்களில் உள்ள செய்தி போன்ற சில விலக்குகள் தவிர, இவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அது உண்மையாக இருந்தாலும், பாராட்டாக இருந்தாலும் கூடாது என்று தீர்ப்பு சொல்கிறது. நம் எடுத்துக்காட்டுக் குறிப்பில் தாய்மை, குழந்தைப்பேறு, குடும்பத் திருமணம் மூன்றுமே வந்துவிட்டன. “நல்ல விதமாகத்தானே எழுதினோம்” என்ற பதிலுக்கும் அந்தத் தீர்ப்பில் இடமில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது.

கைபேசியில் எடுத்துப் பகிரும் வாடிக்கையாளர் படத்துக்கு நேரடியாகப் பொருந்துவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதை நம் தொழிலுக்கு ஏற்ப எளிதாகச் சொல்லலாம். வற்புறுத்தல் இல்லாமல், இன்ன நோக்கத்துக்கு என்று குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செயலால் தரப்பட வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். பின்னாளில் கேள்வி எழுந்தால், ஒப்புதல் பெற்றோம் என்று நிரூபிக்க வேண்டியவர் படத்தைப் பயன்படுத்தியவர். கழுத்து வரை துணி போர்த்தி, தலை நனைந்து, பின்னால் ஒருவர் கத்தரியோடு நிற்கும்போது ஆட்டிய தலை இந்த அளவுகோலில் தேறுமா என்பது பெரிய ஐயம்தான்.

குறிப்பைத் திருத்துவதற்கு முன் படத்தைப் பற்றி ஒரு விஷயம். ‘முன்’ படத்தில் மட்டும் முகத்தை மறைத்து, ‘பின்’ படத்தில் முகத்தைக் காட்டும் பழக்கம் பல சலூன்களில் இருக்கிறது. மறைத்த படம் யாருடையது என்று பக்கத்துப் படம் சொல்லிவிடுவதால் அந்த மறைப்பால் பயனே இல்லை. மணப்பெண் மேக்கப் படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. மணக்கோலத்தில் தன் படம் வருவதைப் பல பெண்கள் மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள். மேக்கப் இல்லாத, முகப்பரு வடு தெரியும் படம் அதே சட்டகத்தில் வருவதை அவர்களே விரும்புவதில்லை. ஆகவே ‘பின்’ படத்துக்குக் கிடைத்த சம்மதத்தை ‘முன்’ படத்துக்கும் நீட்டக் கூடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மறைப்பதாக இருந்தால் இரண்டிலும் மறைக்க வேண்டும். கழுத்துக்குக் கீழ் தாலிக்கொடியும் ரவிக்கை வேலைப்பாடும், கையில் பச்சை குத்திய பெயரும், எதிரே கண்ணாடியில் தெரியும் முகமும் பலரை அடையாளம் காட்டிவிடும். நெற்றியோரம் மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தில் இவை எதுவும் விழாது. பிறகு ஸ்டிக்கருக்கும் வேலையில்லை.

இப்போது அந்தக் குறிப்பை ஒவ்வொரு வரியாகத் திருத்திப் பார்க்கலாம். ஊரை எடுத்துவிட வேண்டும்; கடை எங்கே இருக்கிறது என்பது பக்கத்தின் முகப்பிலேயே இருக்கிறது, வந்தவர் எந்த ஊர் என்பது படிப்பவருக்குத் தேவையில்லை. திருமணத்தையும் எடுத்துவிட வேண்டும். ‘நாளை’, ‘இன்று’ போன்ற நாள் குறிப்புகளும் போக வேண்டும். அன்றைக்கே பகிராமல் மூன்று வாரம் கழித்துப் பகிர்ந்தால், எந்தத் திருமணத்தோடும் அதைப் பொருத்திப் பார்ப்பது கடினமாகும். முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும் மாதங்களில் இந்த இடைவெளி இன்னும் நன்றாக மறைக்கும்.

பிரசவம் என்ற சொல்தான் எழுதுபவருக்கு விட மனம் வராத சொல். அதே நிலையில் இருக்கும் மற்றப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள் என்ற தொழில் கணக்கு அதில் இருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் அது ஒருவரின் உடல்நலச் செய்தி. அதற்கு வேறு வழி உண்டு. பிரசவத்துக்குப் பின் முடி உதிர்வதைப் பற்றி எந்த வாடிக்கையாளர் படமும் இல்லாமல் தனியாக ஒரு பதிவு எழுதலாம். குழந்தை பிறந்து இரண்டிலிருந்து நான்கு மாதங்களில் பலருக்கு முடி அதிகமாக உதிரும். கருவுற்ற காலத்தில் உதிராமல் நின்ற முடி, ஹார்மோன் அளவு இறங்கியதும் மொத்தமாக உதிர்வதுதான் காரணம். பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி முடி பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் யாரையும் சுட்டாமல் சொல்லக்கூடிய பயனுள்ள செய்தி.

இந்த உடலியல் காரணமே “மூன்றே மணி நேரத்தில் அடர்த்தியான கூந்தல்” என்ற வரியையும் கேள்விக்குள்ளாக்குகிறது. மூன்று மணி நேரத்தில் எந்தத் தலையிலும் முடி வளராது. வெட்டிய விதமும் உலர்த்திய விதமும் முடி அடர்த்தியாகத் தோன்றச் செய்கின்றன. அது உண்மையான கைத்திறன். அதை அப்படியே சொன்னால் போதும். ‘முன்’ படத்தை மஞ்சள் விளக்கிலும் ‘பின்’ படத்தை ஜன்னலோரத்திலும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் அது வாடிக்கையாளரின் தலையைக் கருவியாக்கிச் சொல்லும் பொய். தவறான விளம்பரத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தடுக்கிறது. படத்துக்குச் சம்மதித்தவர், தன் படத்தை வைத்து உண்மையல்லாத ஒன்றைச் சொல்வதற்குச் சம்மதிக்கவில்லை.

“வெளியே வரவே கூச்சப்பட்ட” என்ற சொற்கள்தான் எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்துபவை. ‘முன்’ நிலையை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு ‘பின்’ நிலை உயரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஆனால் முதல் படத்தில் இருப்பவரும் இரண்டாம் படத்தில் இருப்பவரும் ஒரே பெண். முதல் படத்தை இழிவாகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் மேல்தான் விழுகிறது. முடியைப் பற்றி எழுதலாம். அவர் மனத்தைப் பற்றி எழுத அவரைத் தவிர யாருக்கும் உரிமையில்லை.

திருத்திய குறிப்பு இப்படி வரலாம்:

“நெற்றியோரம் முடி அடர்த்தி குறைவாகத் தெரிந்தது. முன்முடியைக் குட்டையாக வெட்டி முன்பக்கம் விழுமாறு அமைத்தோம். மீதியை லேயர் வெட்டில் வெட்டி, வேரிலிருந்து தூக்கி உலர்த்தினோம். புதிதாக முடி வளரவில்லை. இருக்கும் முடியை அமைத்த விதத்தில் வந்த தோற்றம் இது. இரண்டு படங்களும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை, எந்தத் திருத்தமும் செய்யவில்லை. படங்களையும் இந்த வரிகளையும் வாடிக்கையாளர் பார்த்துச் சம்மதித்த பிறகே பகிர்கிறோம்.”

பழைய குறிப்பைவிட இதில் தொழில் செய்தி கூடுதலாக இருப்பதைக் கவனிக்கலாம். என்ன வெட்டு, எப்படி உலர்த்தல், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது எல்லாம் வந்துவிட்டன. ஆளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடைசி வரி படிப்பவருக்கு நம்பிக்கை தரும். நாளை தானும் அந்த நாற்காலியில் உட்காரும்போது தன்னையும் இப்படித்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எப்போது கேட்பது என்பது எப்படிக் கேட்பது என்பதற்கு இணையாக முக்கியம். வேலை தொடங்கும் முன் “முடியை மட்டும் படம் எடுக்கலாமா? வெளியே போடுவதைப் பிறகு கேட்கிறோம்” என்று கேட்பது ஒரு கேள்வி. வேலை முடிந்து, பணம் கொடுத்து, அவர் செருப்பு மாட்டிய பிறகு, படத்தையும் குறிப்பையும் காட்டிப் படித்துச் சொல்லிக் கேட்பது இரண்டாவது கேள்வி. அப்போது அவர் கையில் காரியம் முடிந்திருக்கும், ‘வேண்டாம்’ என்று சொல்வதால் எதையும் இழக்க மாட்டார். “போட்டோ போட்டால் 200 ரூபாய் தள்ளுபடி” என்பதை நான் ஏற்பதில்லை. கெரட்டின், ஸ்மூத்னிங் போன்ற செலவு கூடிய வேலைகளில் அந்தத் தள்ளுபடி ஒரு மாணவிக்கோ ஆடை ஆலைத் தொழிலாளிக்கோ சிறிய தொகை அல்ல. பணத்துக்காக ஒப்புக்கொண்டவர் பிறகு மனம் மாறினாலும் கேட்கத் தயங்குவார். விளம்பரத்துக்கு ஆள் தேவையென்றால் தனியாக ஒருவரை மாடலாக அமர்த்தி, அதைக் குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதோடு மொழியும் சேர்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், கிருஷ்ணகிரி நகரில் உருதுவும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் நிறையப் பேர். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் எல்லோரும் தமிழில் படிப்பதில்லை. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தெலுங்கு, கன்னடம், உருது மூன்றும் அந்த அட்டவணையில் உள்ளவை. கடையில் அந்த மொழி தெரிந்த பெண் ஒருவர் குறிப்பை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவது நல்ல தொடக்கம்.

“குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்” என்பது நல்ல வழக்கமாகத் தோன்றும். ஆனால் நம் பக்கத்தில் பதிவேட்டில் எழுதிய எண் பல நேரம் கணவருடையதாகவோ மாமியார், மகன் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் வீட்டுக் கைபேசியாகவோ இருக்கும். சம்மதம் கேட்க அனுப்பிய படமே அவர் மறைக்க நினைத்ததை வீட்டில் காட்டிவிடலாம். “இதில் அனுப்பலாமா, இல்லை அடுத்த முறை வரும்போது நேரில் காட்டட்டுமா?” என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அனுப்பிய பிறகு பதில் வராவிட்டால், பகிரக் கூடாது. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த இடத்தில் பொருந்தாது.

ஆண்கள் சலூன்களிலும் இதே கதைதான், பேசப்படுவது மட்டும் குறைவு. வழுக்கையை மறைக்க ஹேர் பேட்ச் வைக்கும் கடைகள் ‘முன்–பின்’ படத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. பெண் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு அந்தப் படம் ஒரு சம்பந்தத்தையே பாதிக்கலாம். “பர்கூர் கஸ்டமர், பெங்களூரு ஐடி வேலை” என்ற ஒரு வரி போதும், தரகர் முதல் பெண் வீட்டார் வரை கண்டுகொள்வார்கள். வேலை, ஊர், வயது மூன்றில் எதுவும் அங்கே வேண்டாம்.

நான் மிகவும் கவலைப்படுவது மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பற்றி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மேக்கப் போட்டு, பள்ளிச் சீருடையில் ஒரு படமும் பட்டுப்புடவையில் ஒரு படமும் சேர்த்து, விழாவின் பெயரையும் எழுதிப் பகிர்கிறார்கள். அந்தக் குறிப்பு ஒரு சிறுமியின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தைத் தேதியோடு ஊருக்கு அறிவிக்கிறது. சீருடை பள்ளியைச் சொல்லிவிடுகிறது. விழாவுக்கு உறவினரை அழைத்தது பெற்றோரின் விருப்பம். உறவு எல்லைக்குள் நடந்த ஒன்றை முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் பக்கத்தில் போடுவது வேறு செயல். 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டாலும் இந்தப் படங்களைப் போட வேண்டாம் என்றே சொல்வேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறவள் அந்தச் சிறுமி. சிகையலங்காரத்தை மட்டும் பின்பக்கமிருந்து எடுத்து, “பூச்சடை, குஞ்சலம் வைத்த பின்னல்” என்று எழுதினால் கைவேலை தெரியும். விழாவின் பெயரும் வயதும் வேண்டியதில்லை.

பகிர்ந்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. “இது நம்ம மேகலா அக்கா மாதிரி இருக்கே?” என்று யாராவது கீழே கேட்பார்கள். “ஆமாம்” என்று சொன்னாலும் தவறு, சிரிப்புப் படம் போட்டாலும் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும், “இல்லை” என்று சொன்னால் அடுத்தவர் வேறொரு பெயரைக் கேட்பார். அந்தக் கருத்தை நீக்கிவிட்டு, எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலை வைத்துக்கொள்வது நல்லது: “வாடிக்கையாளர் விவரம் நாங்கள் பகிர்வதில்லை.” கடைப் பெண்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வாடிக்கையாளரை டேக் செய்யக் கூடாது என்பதையும் வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

மனம் மாறி ஒருவர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். அதற்கு, அந்தப் படம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் பதிவு ஓரிடம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். ஸ்டோரியை ஹைலைட்டில் சேர்த்திருந்தால் அது அங்கேயே நிற்கும். கூகுள் மேப்ஸில் கடைப் படங்களோடு ஏற்றியது, படம் எடுத்த பெண்ணின் கைபேசி, அதன் தானியங்கிச் சேமிப்பு, கடை வாசல் ஃபிளெக்ஸ் எல்லாம் தனித்தனி இடங்கள். மற்றவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததை யாராலும் திரும்பப் பெற முடியாது. இந்த ஒன்றைச் சம்மதம் கேட்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்; அதைக் கேட்ட பிறகும் சரி என்பவரின் சம்மதம்தான் விவரம் தெரிந்த சம்மதம்.

இத்தனைக்கும் தேவைப்படுவது ஒரு நோட்டு. எந்தப் படம், எந்தக் குறிப்பு, எங்கெங்கே போடலாம், எத்தனை மாதம் வரை, எந்த எண்ணில் பேசலாம், தேதி, கையெழுத்து ஆகியவை ஒரு பக்கத்தில் வரும். ஃபிளெக்ஸுக்குத் தனியாக ஒரு கையெழுத்து வாங்குவது நல்லது. பேருந்து நிலையச் சாலையில் தொங்கப்போவது இன்ஸ்டாகிராமை விட நெருக்கமானவர்கள் கண்ணில் படும். அந்த நோட்டு வரவேற்பு மேசையில் முன்பதிவு நோட்டோடு திறந்து கிடக்கக் கூடாது, பூட்டிய இழுப்பறையில் இருக்க வேண்டும். குறித்த மாதம் முடிந்ததும் பதிவை நீக்கி, நீக்கிய தேதியையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.